சுவர் வேறு, எல்லை வேறு

2024 தை மாதம், எங்கள் வீட்டுக்கு வெளிப்புறமாக மாடிப்படி எடுப்பதற்கு வரைபடம் போட வந்த பொறியாளர் பின்பக்கத்தில் டேப்பை இழுத்துப் பிடித்துவிட்டு, 38 அடி 9 அங்குலம்தான் வருகிறது என்று சொன்னார். தெருவோரத்தில் அளந்தபோது சரியாக 40 அடி இருந்தது. என் தந்தையார் 1994இல் இந்த மனையை வாங்கியபோது எழுதப்பட்ட பத்திரத்தில், கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக 2400 சதுர அடி என்று தெளிவாக இருக்கிறது. அப்படியானால் பின்பக்கத்தில் ஒன்றேகால் அடி எங்கே போயிற்று என்று நான் யோசிப்பதற்குள், உடன் வந்திருந்த ஒப்பந்தக்காரர் கிழக்குப் பக்கத்து மதிலைக் கையால் காட்டினார். அந்த மதிலை 2021இல் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கட்டினார். அப்போது நாங்கள் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தோம். பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கும் இந்த வீடு இரண்டு ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின் முருங்கை மரத்துக்குத் தண்ணீர் விட்டதும், மழைக்குப் பின் மொட்டை மாடியின் நீர்ப்போக்கி அடைத்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்ததும் அதே அண்ணாச்சிதான். என் தந்தையார் இறந்த அன்று இரவு முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். ஆகவே அந்த ஒன்றேகால் அடியை எண்ணி நான் வருந்தியதைவிட, அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எண்ணி வருந்தியதே அதிகம்.

இப்போது திரும்பிப் பார்க்கையில், அன்று மாலையே போய்ப் பேசாமல் இருந்தது நல்லதாயிற்று. ஏனென்றால் அன்று நான் சொல்லியிருக்கக்கூடிய கணக்கு தவறானது.

நம் மனை குறைகிறது என்பது ஓர் உண்மை. அந்தக் குறை கிழக்கே போயிற்றா, மேற்கே போயிற்றா என்பது வேறோர் உண்மை. நம் இரண்டு மதில்களுக்கு நடுவே டேப் பிடித்தால் முதலாவது மட்டுமே தெரியும். மதில் என்பது ஒரு கொத்தனார் ஒரு நாளில் நூல் கட்டி எழுப்பியது. எல்லை என்பது மனைப்பிரிவு போட்டபோது நட்ட கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடுகிற கோடு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம் விருப்பமே தவிர, இருந்தே தீரும் என்பதில்லை. ஆகையால் வரிசையிலுள்ள அத்தனை மனைகளையும், நகராத ஒரு கல்லிலிருந்து தொடங்கி மொத்தமாக அளந்தால்தான் எந்த மதில் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியும்.

எங்கள் வரிசையில் ஐந்து மனைகள், ஒவ்வொன்றும் 40 அடி. எங்களுடையது மேற்கிலிருந்து மூன்றாவது, அண்ணாச்சியுடையது நான்காவது. மனைகளின் பின்னால் ஆறடிச் சந்து ஒன்று ஓடுகிறது. அதன் மேற்கு முனையிலும் கிழக்கு முனையிலும் மனைப்பிரிவின் மூலைக்கற்கள் அசையாமல் இருக்கின்றன. யாருடைய வளாகத்துக்குள்ளும் நுழையாமல் அந்தச் சந்திலேயே நின்று ஒவ்வொரு மதிலின் பின்முனையும் எத்தனையாவது அடியில் நிற்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு விடுமுறை நாளில் என் மைத்துனரை அழைத்துக்கொண்டு இரும்பு டேப்பால் அளந்தேன். துணி டேப் இழுபடும். நீளமாகப் பிடித்தால் நடுவில் தொய்யும். இரண்டும் சேர்ந்து சில அங்குலங்களைத் தின்றுவிடும் என்பதால் இரும்பு டேப்பையே எடுத்துக்கொண்டோம், நூறடியில் ஒரு முளை அடித்து இரண்டு தவணையாக அளந்தோம். பிறகு கிழக்குக் கல்லிலிருந்து திரும்பி வந்தும் அளந்தோம். இரண்டு திசை அளவுகளையும் கூட்டினால் 200 அடி வர வேண்டும், வந்தது.

மேற்குக் கல்லிலிருந்து எங்கள் மனை 80ஆவது அடியில் தொடங்கி 120ஆவது அடியில் முடிய வேண்டும். எங்கள் மேற்கு மதிலின் வெளிமுகம் 80 அடி 3 அங்குலத்தில் நின்றது. அதாவது என் தந்தையார் கட்டிய மதிலே எங்கள் நிலத்துக்குள் மூன்று அங்குலம் தள்ளி நிற்கிறது. அண்ணாச்சியின் மதிலில் எங்களைப் பார்த்த முகம் 119 அடியில் நின்றது. ஆக, குறைந்த ஒன்றேகால் அடியில் கால் அடி எங்கள் வீட்டுக் கொத்தனாரின் வேலை; அண்ணாச்சியின் பக்கம் போனது ஓரடி. நான் மட்டும் அன்று மாலையே போய் ஒன்றேகால் அடி என்று சொல்லி, அவர் அதை அளந்து பார்த்து ஓரடி என்று கண்டிருந்தால், அந்த மூன்று அங்குலப் பொய்யே பேச்சின் மையமாகிப் போயிருக்கும்.

முன்பக்கத்தில் குறை இல்லை, பின்பக்கத்தில் ஓரடி என்றால் போனது ஒரு முக்கோணத் துண்டு. அறுபது அடி நீளம், ஓரடி அகலம், அதில் பாதி: முப்பது சதுர அடி. மதிலின் நடுப்பகுதியில் விலகல் அரை அடி. இப்படி ஒரு முனையில் சரியாகவும் மறுமுனையில் விலகியும் நிற்கிற மதில் பெரும்பாலும் மூலைமட்டம் தவறியதாலோ, பின்னால் தவறான ஓர் இடத்திலிருந்து நூல் பிடித்ததாலோ நேர்வது. வேண்டுமென்றே தள்ளிக் கட்டுகிறவர்கள் நீளம் முழுக்கத் தள்ளுவார்கள். இது சான்றாகாது, ஆனால் எதிரில் இருப்பவரைப் பற்றி நாம் என்ன எண்ணத்தோடு பேசப் போகிறோம் என்பதை இது மாற்றிவிடுகிறது.

சந்தில் அளந்துகொண்டே போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அண்ணாச்சிக்குக் கிழக்கே இருக்கும் ஐந்தாவது மனைக்காரர் 2016இல் கட்டிய மதில் 160ஆவது அடியில் நிற்க வேண்டியது, பின்பக்கத்தில் 159ஆவது அடியில் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. அண்ணாச்சியின் கொத்தனார் ஏற்கெனவே இருந்த அந்தக் கிழக்கு மதிலிலிருந்து மேற்கு நோக்கி 40 அடி அளந்து முளை அடித்திருக்கிறார். பத்திரத்தில் 40, அளந்தால் 40, எனவே அண்ணாச்சியைப் பொறுத்தவரை எல்லாம் சரி. ஐந்தாவது மனையின் பிழை அவர் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் எங்களுக்கு ஓரடி விட்டால் அவருடைய மனை பின்பக்கத்தில் 39 அடியாகிவிடும். என் கோரிக்கை அவருக்கு எப்படிக் கேட்கும் என்பதை அந்தச் சந்தில் நின்றுதான் உணர்ந்தேன்.

பேசப் போவதற்கு முன் வருவாய்த்துறைப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டேன். eservices.tn.gov.in தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மனைக்கு உட்பிரிவு செய்யப்பட்டுத் தனிப் பட்டா இருப்பதால் புலப்படத்தில் எங்கள் எல்லைக்கோடுகள் தனியே காட்டப்பட்டிருக்கின்றன; கிழமேல் அளவு 12.2 மீட்டர். இந்தப் படத்தை நம்பிச் சண்டைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது அடி என்பது 12.19 மீட்டர், படத்தில் அது 12.2 ஆகிறது. பத்து சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட நான்கு அங்குலம். ஒரு தசம இடத்தோடு நிற்கிற படத்தை வைத்துக்கொண்டு இரண்டு அங்குலத்துக்கு வழக்காட முடியாது, ஓரடிக்கு வழக்காடலாம். அச்செடுத்த தாளின்மேல் அடிக்கோல் வைத்து அளப்பது அதைவிடப் பெரிய பிழை. படத்தில் எழுதியிருக்கும் எண்ணே அளவு, கோட்டின் நீளம் அல்ல. உட்பிரிவு செய்யாமல் பெரிய புல எண்ணின் கீழ் கூட்டுப் பட்டாவாகவே கிடக்கும் மனைப்பிரிவுகளில் புலப்படம் உள் எல்லைகளைக் காட்டாது. அங்கே அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடமும் இருவரின் பத்திரங்களில் நான்கு பக்க எல்லைகளையும் சொல்கிற செக்குபந்தியும்தான் பேசும்.

அண்ணாச்சி மாலையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் தனியாக உட்காரும் நேரம் எனக்குத் தெரியும். மதிலுக்குப் பக்கத்தில் நின்று பேசக் கூடாது, அவருடைய மருமகன் வந்திருக்கும் நாளில் பேசக் கூடாது, கையில் காகிதம் வைத்துக்கொண்டு போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். மதிலைப் பார்த்து நின்று பேசினால் அந்த மதில் குற்றப் பொருளாகிவிடும். மருமகன் முன்னால் பேசினால் அவர் தம் மதிப்பைக் காத்துக்கொள்வதற்காகவே மறுத்தாக வேண்டியிருக்கும். காகிதத்தை நீட்டினால் நான் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்திருப்பதாக ஆகும். நான் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணாச்சி, மாடிப்படி எடுக்கணும்னு இன்ஜினியரு அளந்தாரு. பின்பக்கம் அளவு குறையுது. அதுல கொஞ்சம் எங்க அப்பா கட்டின மதிலாலயே குறையுது. மிச்சம் எப்படின்னு எனக்கு வெளங்கல. உங்க பத்திரத்தையும் என் பத்திரத்தையும் வச்சு, நீங்களும் நானுமா சந்துல நின்னு ஒரு தடவ அளந்து பாப்பமா?”

விளங்கவில்லை என்று சொன்னது முழு உண்மையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அளவை அவரிடம் சொல்வதைவிட, டேப்பின் மறுமுனையை அவர் கையில் கொடுத்து அவரே எண்ணை வாசிப்பது நல்லது என்று எண்ணினேன். எங்கள் மதிலின் பிழையை முதலில் சொன்னதற்கும் காரணம் உண்டு. அது உண்மை, அதோடு, கொத்தனார் வைக்கும் நூல் எவருடைய வீட்டிலும் தவறும் என்பதை அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. ஆக்கிரமிப்பு என்ற சொல்லை அன்றும் பிறகும் நான் பயன்படுத்தவே இல்லை. அது அலுவலகத்தில் எழுதுகிற சொல். வீட்டு வாசலில் அதைச் சொன்னால் திருட்டு என்றே கேட்கும்.

அடுத்த ஞாயிறு இருவரும் அளந்தோம். 119 என்று வாசித்தவர் அவர். மீண்டும் ஒருமுறை அளக்கச் சொன்னார், அளந்தோம். பிறகு தம் கிழக்கு மதில் 159இல் நிற்பதையும் அவரே பார்த்தார். நெடுநேரம் எதுவும் பேசாமல் நின்றுவிட்டு, “நான் உங்களுக்கு ஒரு அடி விட்டா எனக்கு யாரு விடுவா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. என்னிடம் அப்போது பதில் இல்லை. யோசிப்போம் அண்ணாச்சி, அவசரம் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு தவறு நேர்ந்தது, அது என் தவறு. எங்கள் ஒப்பந்தக்காரரிடம் இதை யாரிடமும் பேச வேண்டாம் என்று நான் சொல்லி வைக்கவில்லை. அவர் தேநீர்க் கடையில் ஓரடியை அமுக்கிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அது இரண்டே நாளில் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினியின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை மதினி தெருவில் என்னைக் கண்டும் காணாதவர்போல் போனார். இருபத்தைந்து ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை. நானும் என் மனைவியும் அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஒப்பந்தக்காரர் சொன்னது எங்கள் வாயிலிருந்து வந்த சொல் அல்ல என்றாலும், எங்கள் வேலையாள் சொன்னதற்கு நாங்களே பொறுப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். மதினி அழுதார். உங்க வீட்டுச் சாவி எங்க வீட்டு ஆணியிலதானே ரெண்டு வருஷம் தொங்குச்சு என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றும் என்னிடம் மறுமொழி இல்லை. சில வாரங்கள் பேச்சு குறைந்தே இருந்தது. மதில் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஒப்பந்தக்காரரை மாற்றிவிட்டேன்.

அந்த இடைவெளியில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். வழக்குப் போடுவதற்காக அல்ல. வழக்கே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்வதற்காக. பெரும்பாலோர் நல்லுறவு கருதி, போனால் போகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். காலவரையறைச் சட்டம் 1963இன் அட்டவணையில் 65ஆம் உறுப்பு, உரிமையை வைத்து நிலத்தை மீட்பதற்கு 12 ஆண்டுகள் என்று காலம் குறிக்கிறது. அதற்குள் கேட்காவிட்டால் எதிரில் இருப்பவர், நெடுநாள் அனுபவித்ததாலேயே நிலம் தமதாயிற்று என்கிற எதிரிடை அனுபோக பாத்தியம் கோர வழி ஏற்படும். அது எளிதில் கிடைத்துவிடாது. வெளிப்படையாகவும் இடைவிடாமலும், உண்மையான உரிமையாளருக்கு எதிராகவும் அனுபவித்ததை அவர் நிரூபிக்க வேண்டும். அனுமதியோடு இருந்தால் அது எதிரிடை ஆகாது. ஆனால் அண்ணாச்சியும் நானும் இருக்கும்வரை இது ஒரு பிரச்சினையே அல்ல. அவர் மகனோ என் மகனோ வீட்டை விற்று, வாங்குகிறவர் மதிலே எல்லை என்று நம்பிக் கிரயம் செய்த பிறகுதான் அது பிரச்சினையாகும். அப்போது எங்கள் வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது.

சரி, மதில் அங்கேயே இருக்கட்டும் என்று ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வழக்கறிஞர் அதையும் தடுத்தார். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, நாம் கொடுத்த அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பிவிட்டால் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். நல்லெண்ணத்தில் ‘உங்கள் மதில் என் நிலத்தில் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்து, அதன்மேல் அவர் நாளை ஓர் அறை கட்டிவிட்டால் அந்த ஒரு வரியே நமக்கு எதிராக நிற்கும். அந்தத் துண்டை அவருக்கே விற்றுவிடலாம். முப்பது சதுர அடிக்கு முறையான கிரயப் பத்திரம் பதிவு செய்து, உட்பிரிவு செய்து, பட்டா மாற்ற வேண்டும். அதுவும் நேர்மையான வழிதான். ஆனால் என் மாடிப்படிக்கு அந்த இடமே வேண்டியிருந்தது.

எனவே அனுமதியும் அல்லாமல் விற்பனையும் அல்லாமல், உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்ளும் ஓர் எழுத்தே தேவை என்று தெரிந்தது. புதிதாக எவருக்கும் எந்த உரிமையையும் உண்டாக்காமல், இருக்கிற எல்லை இதுதான், மதில் அந்த எல்லையில் இல்லை என்று இருவரும் கையொப்பமிட்டுக்கொள்வது. உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டால், காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அந்த நாளிலிருந்து காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். நானும் அவசரப்பட வேண்டியதில்லை, அண்ணாச்சியும் உடனே இடிக்க வேண்டியதில்லை.

மாசி கடைசியில் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். அப்போது இரண்டு விஷயங்கள் சொன்னேன். ஒன்று, கிழக்கு மதில் பற்றி அவருக்கு ஓர் எழுத்து கிடைக்கும்வரை என் பக்கத்து மதிலை மாற்றச் சொல்ல மாட்டேன். ஐந்தாவது மனைக்காரரிடம் பேச நானும் உடன் வருவேன். இரண்டு, நாங்கள் இருவர் பிடித்த டேப்பை ஐந்தாவது மனைக்காரர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், அரசு நில அளவரை வைத்து எல்லை அளக்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கொடுத்தால் பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்பு வரும், அது வருவதற்கு முன்பே நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். நில அளவை மனு கொடுத்ததாலேயே உறவு முறிந்த வீடுகள் பலவற்றை எனக்குத் தெரியும். அங்கெல்லாம் முறித்தது அளவை அல்ல, முன்னறிவிப்பில்லாமல் கிராம உதவியாளர் கையில் வந்து சேர்ந்த தாள்.

ஐந்தாவது மனைக்காரர் முதலில் முகம் கொடுத்தே பேசவில்லை. அவருடைய மதிலை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டியிருந்தார். மதிலை நகர்த்தினால் தொட்டியை இடிக்க வேண்டும் என்ற பயம். தொட்டியை யாரும் தொடப்போவதில்லை, கோடு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்வோம் என்று அண்ணாச்சி அவரிடம் சொன்ன விதத்தைக் கேட்டபோது, சில வாரங்களுக்கு முன் நான் அண்ணாச்சியிடம் பேசியது நினைவுக்கு வந்தது. நில அளவர் வந்து கற்களைச் சரிபார்த்து, மூன்று மனைகளின் பின்மூலைகளிலும் எல்லையைக் காட்டினார். எங்கள் அளவோடு அது ஓர் அங்குலத்துக்குள் ஒத்துப்போயிற்று. காட்டிய இடங்களில் அன்றே கல் நட்டு, சுற்றிலும் கான்கிரீட் போட்டு, மூன்று வீட்டாரும் நிற்கப் புகைப்படம் எடுத்துக்கொண்டோம். அடையாளம் காட்டிவிட்டுப் போன இடத்தில் வெறும் மரமுளை அடித்து விட்டால் ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது. பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தாவது மனைக்காரர் கையொப்பமிட மேலும் ஐந்து மாதங்கள் ஆயின. அவருடைய மகள் படித்துப் பார்த்துச் சொன்ன பிறகே சம்மதித்தார்; அது நியாயமானதும்கூட. எழுதியது ஒன்றரைப் பக்கம். மேற்குக் கல்லிலிருந்து எந்தெந்த அடியில் எல்லை இருக்கிறது, இன்று மதில் எந்த அடியில் நிற்கிறது, இரண்டுக்கும் இடைப்பட்ட துண்டு யாருடைய பத்திர நிலம், அந்தத் துண்டின்மேல் இனி புதிதாக எதுவும் கட்டக் கூடாது, மதிலையோ தொட்டியையோ எவர் எக்காரணத்தால் திரும்பக் கட்டினாலும் கல்லுக்குக் கல் நூல் பிடித்தே கட்ட வேண்டும், மதில் நிற்பதை அனுமதியாகவோ உரிமை விட்டுக்கொடுத்ததாகவோ கொள்ளக் கூடாது, வீட்டை விற்றால் இந்தத் தாளை வாங்குகிறவரிடம் காட்ட வேண்டும் என்பவை மட்டுமே அதில் இருந்தன. அளவுகள் குறித்த ஒரு கைப்படம் இணைப்பு. சாட்சிகள் இருவர். யார் தவறு செய்தார் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. முதல் வரைவில் ‘தவறுதலாகக் கட்டப்பட்ட’ என்ற சொற்றொடர் இருந்தது; அண்ணாச்சி அதைப் பார்த்துத் தயங்கியதால் ‘தற்போது நிற்கும்’ என்று மாற்றினோம். பொருள் எதுவும் குறையவில்லை.

இந்தத் தாளுக்கும் ஒரு வரம்பு உண்டு. கையொப்பமிட்டவர்களை அது கட்டும். நாளை வாங்குகிறவர் தமக்கு எதுவும் தெரியாது என்று வாதாடினால் அவரை எவ்வளவு தூரம் கட்டும் என்பது வழக்காகத்தான் முடியும். அதனால்தான் தாளைவிட அந்தக் கற்கள் முக்கியம் என்று நினைக்கிறேன். மதிலை ஒட்டி ஓரடி தள்ளி ஒரு கல் நிற்பதைப் பார்க்கிற எவரும் ஏன் என்று கேட்காமல் வாங்க மாட்டார்.

எல்லா இடத்திலும் இப்படிப் பொறுத்திருக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டார் இப்போதுதான் அஸ்திவாரம் தோண்டுகிறார் என்றால் ஒரு வாரப் பொறுமைகூட இழப்பாகும். அன்றே பேசி, அளக்கும்வரை வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தாவிட்டால் மரியாதையான சொற்களில் எழுத்து மூலம் கொடுத்துவிட்டு, உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க வேண்டியிருக்கும். எழும்பி முடிந்த கட்டடத்தை இடிக்க வைப்பதைவிட எழும்பாமல் நிறுத்துவது எளிது. காவல் நிலையத்துக்குப் போவதால் எல்லை தீராது. எல்லையைத் தீர்மானிக்கும் வேலை அவர்களுடையது அல்ல. நாமே ஆள் வைத்து இடிப்பது எல்லாவற்றையும்விட மோசம். அதுவரை நம் பக்கம் இருந்த நியாயம் அந்த ஒரு நாளில் எதிர்ப்பக்கம் போய்விடும். பேச்சு நின்றுபோய், ஆனால் இருவரும் நீதிமன்றம் ஏற விரும்பாவிட்டால், வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம். அங்கே எழுதப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடும் கிடையாது.

ஐந்தாவது மனைக்காரர் கையொப்பமிட்ட மறுவாரம் அண்ணாச்சி தாமே வந்து, மதிலை எடுத்துக் கட்டிவிடலாம் என்றார். முழு மதிலையும் எடுக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னேன். மாடிப்படிக்கு வேண்டியது பின்பாதி மட்டும்; அங்கேதான் விலகலும் அரை அடியிலிருந்து ஓரடிவரை போகிறது. பின்பக்கத்து முப்பது அடியை மட்டும் கோட்டுக்குக் கொண்டுவந்தால் முப்பது சதுர அடியில் இருபத்திரண்டரை சதுர அடி திரும்பிவிடும். முன்பாதியில் மிஞ்சும் ஏழரை சதுர அடி தாளில் இருக்கிறது, அது அப்படியே நிற்கட்டும். செலவில் பாதி நான் கொடுத்தேன். சட்டப்படி நான் கொடுக்க வேண்டியதில்லை என்று பொறியாளர் சொன்னார். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் முழுச் செலவில் கட்டிய மதிலை ஒருவர் என் பொருட்டு இடிக்கும்போது, மீண்டும் முழுச் செலவையும் அவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. புது அஸ்திவாரத்தின் அகலம் முழுவதும் அவர் பக்கமே இருக்கும்படி கொத்தனார் பார்த்துக்கொண்டார். மண்ணுக்கு மேலே மதில் சரியாக நின்று, மண்ணுக்குக் கீழே அஸ்திவாரம் அரை அடி இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், நாளை மாடிப்படித் தூணுக்குக் குழி தோண்டும்போது மீண்டும் இதே பேச்சு எழும்.

இன்று அந்த மதில் நடுவில் அரை அடி மடங்கி நிற்கிறது. போன மாதம் வெளியூரிலிருந்து வந்திருந்த அண்ணாச்சியின் மகன் அதைப் பார்த்துவிட்டு, ஏன் மதில் இப்படி வளைந்து போகிறது என்று கேட்டார். அண்ணாச்சி உள்ளே போய்ப் பத்திரப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். பிறகு மூவரும் சந்துக்குப் போனோம். செடி மூடியிருந்த கல்லைக் காலால் விலக்கிக் காட்டி, மேற்கே இருந்து எண்ணி வா, 120 வரும் என்று மகனிடம் டேப்பைக் கொடுத்தார் அண்ணாச்சி. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் மேற்குக் கல்லை நோக்கி நடந்தேன்.